22 லட்சம் எப்படி வந்தது?

"ஐயா, கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் நான்கு வருடமாகப் பர்ச்சேஸ் எக்சிகியூட்டிவாக இருக்கிறேன். காஸ்டிங், வைண்டிங் ஒயர், அட்டைப்பெட்டி மூன்றும் என் பொறுப்பு. மாதம் 120 பி.ஓ. போடுகிறேன். போன நிதியாண்டில் ஒயரில் கிலோவுக்கு 48 ரூபாய், காஸ்டிங்கில் கிலோவுக்கு 5 ரூபாய் குறைத்தேன். பெட்டி விலை அதிகம் ஏறாமலும் பார்த்துக்கொண்டேன். ரெஸ்யூமேவில் '40 வெண்டர்களுடன் பேரம், 22 லட்சம் மிச்சம், எஸ்.ஏ.பி., டேலி, அரிபா தெரியும்' என்று எழுதியிருக்கிறேன். ஒரு ஃபவுண்டரியிடம் கிரெடிட்டை 30 நாளிலிருந்து 75 நாளாக மாற்றியதையும் சேர்த்திருக்கிறேன். போன மாதம் ஒரு இன்டர்வியூவில் '22 லட்சம் எப்படி வந்தது?' என்று கேட்டார்கள். சொன்னேன். அதற்குப் பிறகு அவர்கள் ஆர்வமே காட்டவில்லை. என் கணக்கை இணைத்திருக்கிறேன். எங்கே தவறு?"
— வாசகர், கணபதி, கோவை

அன்புள்ள தம்பி,

நீங்கள் அனுப்பிய கணக்குத் தாளை இரண்டு முறை படித்தேன். பெருக்கல், கூட்டலில் ஒரு பிழையும் இல்லை. ஒயரில் வருடத்துக்கு 24,000 கிலோ, கிலோவுக்கு 48 ரூபாய், ஆக 11.52 லட்சம். காஸ்டிங்கில் மாதம் 15 டன், கிலோவுக்கு 5 ரூபாய், வருடத்துக்கு 9 லட்சம். பெட்டியில் 1.2 லட்சம். கூட்டினால் 21.72. ஆனால் இந்த மூன்று தொகையும் மூன்று வேறு வகை. ஒன்றில் பெரும்பகுதி உங்களால் வந்ததே இல்லை. இன்னொன்றில் பாதி இன்னும் வரவில்லை. மூன்றாவது மிச்சமே இல்லை, அதற்கு வேறு பெயர். இன்டர்வியூவில் உட்கார்ந்திருந்தவர் பர்ச்சேஸில் பழுத்தவர் என்றால் முதல் நிமிடத்திலேயே இதைக் கண்டுபிடித்திருப்பார். நானும் அந்த நாற்காலியில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு எண் பெரிதாக இருப்பதால் யாரையும் நிராகரித்ததில்லை. அந்த எண்ணின் எந்தப் பகுதி தன்னுடையது என்று தெரியாதவரை எடுத்துக்கொள்ளத் தயங்கியிருக்கிறேன்.

முதலில் ஒயரைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் 22 லட்சத்தில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது.

வைண்டிங் ஒயரின் ரேட்டில் இரண்டு துண்டு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஒன்று செம்பின் அடிப்படை விலை. அது லண்டன் மெட்டல் எக்ஸ்சேஞ்ச் விலையையும் டாலர் மதிப்பையும் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கும். உங்கள் சப்ளையர் அதை மாதாமாதம் மாற்றி அனுப்புவார். இன்னொன்று கன்வர்ஷன் சார்ஜ், அதாவது செம்புக் கம்பியை இழுத்து, எனாமல் பூசி, ஸ்பூலில் சுற்றித் தரும் கூலி. பேரம் நடப்பது இந்த இரண்டாவது துண்டில் மட்டும்தான். முதல் துண்டில் நீங்களும் நானும் செய்யக்கூடியது, எந்தத் தேதி விலையில் புக் செய்வது என்று முடிவெடுப்பது மட்டுமே. கோவையில் பெரும்பாலான பம்ப் கம்பெனிகளில் அந்த முடிவைக்கூட முதலாளியேதான் எடுப்பார். செம்பு அவ்வளவு பெரிய செலவு.

உங்கள் தாளில் பழைய ரேட் 922, புதிய ரேட் 874 என்று மட்டும் இருக்கிறது. பிரித்துக் காட்டவில்லை. நான் ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்கிறேன். பழைய ரேட்டில் செம்பு 860, கூலி 62. புதிய ரேட்டில் செம்பு 818, கூலி 56. செம்பு 42 ரூபாய் இறங்கியது, அது சந்தை செய்த வேலை. கூலி 6 ரூபாய் இறங்கியது, அது நீங்கள் செய்த வேலை. 24,000 கிலோவுக்கு 6 ரூபாய் என்றால் 1,44,000. பதினொன்றரை லட்சம் போய், ஒன்றரை லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது.

மனம் சுருங்க வேண்டாம். கூலியில் 62-க்கு 6 என்றால் கிட்டத்தட்ட 10 சதவீதம். இதை ரெஸ்யூமேவில் "வைண்டிங் ஒயர் கன்வர்ஷன் சார்ஜைச் சுமார் 10 சதவீதம் குறைத்தது" என்று ஒருவர் எழுதியிருந்தால் நான் உடனே நிமிர்ந்து உட்காருவேன். செம்பு விலையைத் தன் கணக்கில் சேர்க்காத ஆள் இவர் என்று அந்த ஒரே வரி சொல்லிவிடும். இன்னொரு பக்கமும் யோசித்துப் பாருங்கள். அடுத்த வருடம் செம்பு 80 ரூபாய் ஏறினால், 48 ரூபாயைத் தன் சாதனை என்று எழுதியவர் அந்த 80 ரூபாயைத் தன் தோல்வி என்று எழுத வேண்டிவரும். கூலியைப் பிரித்து எழுதியவருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இதே விதி காஸ்டிங்குக்கும் உண்டு. பிக் அயர்ன், ஸ்கிராப் விலை இறங்கினால் ஊரில் உள்ள எல்லா ஃபவுண்டரியும் ரேட்டை இறக்கும். ஆனால் உங்கள் காஸ்டிங் கணக்கு இந்த இடத்தில் தப்பித்துவிடுகிறது. பழைய ஃபவுண்டரி 96, புதிய ஃபவுண்டரி 91 என்று ஒரே ஆகஸ்ட் மாதத்தில் இரண்டு கொட்டேஷனும் வாங்கியிருக்கிறீர்கள். ஒரே மாத விலையை ஒப்பிட்டதால் சந்தையின் பங்கு அதில் இல்லை. அந்த 5 ரூபாய் உண்மையாகவே நீங்கள் புது ஃபவுண்டரியைத் தேடிப் பிடித்ததால் வந்தது.

ஆனால் அந்த 5 ரூபாய் முழுதாகக் கம்பெனிக்கு வந்து சேர்ந்ததா? உங்கள் தாளின் கீழே பொடி எழுத்தில் "டிரான்ஸ்போர்ட் நம்முடையது" என்று ஒரு குறிப்பு இருக்கிறது. பழைய ஃபவுண்டரி தன் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டது. புதியவரிடம் நாம் வண்டி அனுப்ப வேண்டும். கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் ஆகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்போது நிகரம் 3.50 தான். ஃபவுண்டரி மாறியபோது பேட்டர்னை, அதாவது வார்ப்பு அச்சின் மாதிரியை, அவர்களுடைய மோல்டிங் பெட்டிக்கு ஏற்ப மாற்றியதற்கு 60,000 செலவாகியிருக்கிறது. அதையும் கழிக்க வேண்டும். ஜி.எஸ்.டி.யை மட்டும் இந்தக் கணக்குக்குள் கொண்டுவராதீர்கள், இரண்டு பக்கமும் கிரெடிட் எடுத்துவிடுகிறோம்.

அடுத்து, எத்தனை மாதம் என்ற கேள்வி. சாம்பிள் பாஸாகி முழு ஆர்டர் போனது செப்டம்பரில். மார்ச் வரை ஏழு மாதம். பன்னிரண்டு மாதத்தால் பெருக்கியது அடுத்த வருடத்து மிச்சத்தை இந்த வருடத்துக்கு இழுத்துக்கொண்டதாகிவிடும். இப்படி எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அதற்கு "வருடாந்திர அடிப்படையில்" என்ற சொல்லைச் சேர்த்தால் தவறில்லை. சேர்க்காமல் விட்டால்தான் தவறு. ரெஸ்யூமேவில் முதலில் வர வேண்டியது கையில் வந்த தொகை. எக்செலில் ஒரே வரியில் போட்டுவிடலாம். B2 பழைய ரேட், C2 புதிய ரேட், D2 கூடுதல் வண்டிச் செலவு, E2 உண்மையில் வந்து இறங்கிய கிலோ, F2 ஒருமுறைச் செலவு.

```
=(B2-C2-D2)*E2-F2
```

ஏழு மாதத்தில் 1,05,000 கிலோ. கிலோவுக்கு 3.50 என்றால் 3,67,500. பேட்டர்ன் செலவு போக 3,07,500. E2-வில் ஆர்டர் போட்ட அளவைப் போடாதீர்கள். ஜி.ஆர்.என். ஆன அளவை, அதாவது வந்து சேர்ந்ததாக ஸ்டோர்ஸ் ரசீது போட்ட அளவை மட்டும் போடுங்கள். ஆர்டர் போட்டு வராத சரக்கில் மிச்சம் எதுவும் இல்லை.

காஸ்டிங்கில் இன்னும் ஒன்றைப் பார்த்துவிட்டு அந்த எண்ணை எழுதுங்கள். இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். 2003 வாக்கில் ஒரு கம்பெனியில் பம்ப் கேசிங் காஸ்டிங்குக்குக் கிலோ 38-லிருந்து 36-ஆகப் பேசி முடித்தேன். டிராயிங்கில் கேசிங்கின் எடை 6.2 கிலோ, ஒரு பீஸுக்கு 12 ரூபாய் 40 காசு மிச்சம் என்று அறிக்கை கொடுத்து, பாராட்டும் வாங்கிவிட்டேன். மூன்று மாதம் கழித்து ஸ்டோர்ஸில் இருந்த பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, தராசில் ஒரு கேசிங்கை வைத்துக் காட்டினார். 6.5 கிலோ. மோல்டைச் சரியாக இடிக்காமல் விட்டதால் சுவர் பருத்து, காஸ்டிங் கனமாக வந்துகொண்டிருந்தது. கிலோ கணக்கில் பணம் கொடுக்கிறோம் என்பதால் அந்தக் கூடுதல் 300 கிராமுக்கும் நாம்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம். பழைய கணக்கில் ஒரு கேசிங் 235 ரூபாய் 60 காசு. புதிய கணக்கில் 234. நான் சொன்ன பன்னிரண்டு ரூபாய் நாற்பது காசில் கம்பெனிக்கு வந்தது ஒரு ரூபாய் அறுபது காசு. மெஷின் ஷாப்பில் கூடுதலாகச் சீவ வேண்டியிருந்த செலவைச் சேர்த்தால் அதுவும் இல்லை.

அன்றிலிருந்து காஸ்டிங் மிச்சத்தைக் கிலோவில் மட்டும் பார்க்க மாட்டேன், பீஸ் விலையிலும் பார்ப்பேன். நீங்களும் பாருங்கள். ஒவ்வொரு ஜி.ஆர்.என்.னிலும் எண்ணிக்கையும் எடையும் இருக்கும். வகுத்தால் சராசரி எடை வந்துவிடும். பழைய ஃபவுண்டரியின் கடைசி மூன்று மாதச் சராசரிக்கும் புதியவரின் சராசரிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றால் உங்கள் 3,07,500 நிற்கும். ரிஜெக்ஷனையும் அப்படியே ஒப்பிடுங்கள். புளோஹோல் மெஷினிங்குக்குப் பிறகு தெரிந்தால் காஸ்டிங் பணம் டெபிட் நோட்டில் திரும்பி வந்துவிடும், ஆனால் மெஷினிங் கூலி திரும்பி வராது. இன்டர்வியூவில் "எடை ஏறவில்லையா?" என்று யாராவது கேட்டால், அவருக்குக் காஸ்டிங் தெரியும் என்று அர்த்தம். பதில் உங்கள் கையில் இருக்கட்டும்.

பெட்டிக்கு வருவோம். கிராஃப்ட் பேப்பர் விலையைக் காட்டிச் சப்ளையர் 9 சதவீதம் ஏற்றக் கேட்டார், நீங்கள் 4-ல் நிறுத்தினீர்கள். வருடத்துக்கு 24 லட்சம் வாங்குகிற பொருளில் 5 சதவீதம் என்றால் 1.2 லட்சம். நல்ல வேலைதான். ஆனால் போன வருடத்தைவிட இந்த வருடம் கம்பெனி பெட்டிக்கு அதிகமாகத்தான் கொடுத்திருக்கிறது. அக்கவுண்ட்ஸில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அந்த 1.2 லட்சம் தெரியாது. இதைச் செலவுத் தவிர்ப்பு என்று தனியாக எழுத வேண்டும், மிச்சத்தோடு கூட்டக்கூடாது. சப்ளையர் கேட்ட 9 சதவீதம் நியாயமான கேள்வியா, அல்லது 4-க்கு இறங்குவதற்காகவே 9 கேட்டாரா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் தவிர்ப்புக் கணக்கைக் கொஞ்சம் தள்ளுபடியோடுதான் படிப்பார்கள். அவர் அனுப்பிய விலையேற்றக் கடிதமும் மற்ற இரண்டு பேரின் கொட்டேஷனும் ஃபைலில் இருந்தால் உங்கள் கை கொஞ்சம் பலப்படும்.

ஆகமொத்தம், ஒயரில் 1.44, காஸ்டிங்கில் 3.07, சேர்த்து நாலரை லட்சம் கையில் வந்த மிச்சம். தனியாக 1.2 லட்சம் தவிர்ப்பு. நீங்கள் கையாண்ட கொள்முதல் நான்கு கோடிக்குக் கொஞ்சம் மேல். அதில் நாலரை லட்சம் என்றால் 1 சதவீதத்துக்குச் சற்று அதிகம். நம்பும்படியான எண். 22 லட்சம் என்றால் 5 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. கிட்டத்தட்டப் பாதி செம்பாக இருக்கிற கொள்முதலில் ஒரே வருடத்தில் அவ்வளவு வராது என்று எதிரே இருந்தவருக்குத் தெரிந்திருக்கும். உங்கள் முன் உட்கார்ந்திருந்தவர் செய்தது இந்த வகுத்தல் கணக்காகத்தான் இருக்கும்.

அடுத்து அந்த 75 நாள் கிரெடிட். அதை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். பத்து வருடத்துக்கு முன்பு அது பெருமைப்படும் வரிதான். இன்று அதைப் பார்த்தால் நான் கவலைப்படுவேன். 2006-ம் வருட எம்.எஸ்.எம்.இ. வளர்ச்சிச் சட்டப்படி, சப்ளையர் குறு அல்லது சிறு நிறுவனம் என்றால் எழுத்தில் எத்தனை நாள் பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் செல்லாது. எழுத்தில் எதுவும் இல்லை என்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. இது வெகுகாலம் ஏட்டளவில்தான் இருந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. உற்பத்தி செய்கிற குறு, சிறு நிறுவனத்துக்கு இந்தக் கெடுவுக்குள் பணம் கொடுக்காமல் மார்ச் 31-ஐத் தாண்டிவிட்டால், அந்தத் தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுத்த வருடத்தில்தான் காட்ட முடியும். உங்கள் ஃபவுண்டரிக்கு அப்படி 10 லட்சம் நிலுவையில் நின்றால், 25 சதவீத வரி கட்டுகிற கம்பெனி அந்த வருடம் இரண்டரை லட்சம் கூடுதலாக வரி கட்ட வேண்டும். நீங்கள் காஸ்டிங்கில் ஏழு மாதம் பாடுபட்டுச் சேர்த்த மூன்று லட்சத்தில் பெரும்பகுதி அங்கே போய் முடங்கிவிடும்.

அந்த ஃபவுண்டரி எம்.எஸ்.எம்.இ. ஆகப் பதிவு செய்ததற்கான உத்யம் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். 2025 ஏப்ரலிலிருந்து சிறு நிறுவனத்தின் வரம்பு 100 கோடி விற்றுமுதல், 25 கோடி இயந்திர முதலீடு வரை போய்விட்டது. கோவையில் நாம் வாங்குகிற ஃபவுண்டரிகளில் மிகப் பெரும்பாலானவை அதற்குள் வந்துவிடும். உங்கள் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் இன்னும் இதைக் கேட்கவில்லை என்றால், நீங்களே போய்ச் சொல்வது நல்லது. ரெஸ்யூமேவில் இந்த இடத்தில் எழுதத் தகுந்த வரி வேறு ஒன்று இருக்கலாம். "சப்ளையர்களின் உத்யம் பதிவைச் சேகரித்து, 45 நாளுக்குள் பணம் போகும்படி பேமெண்ட் பட்டியலை மாற்றியமைத்தது" என்பது அது. அதைச் செய்திருந்தால் மட்டும் எழுதுங்கள்.

"40 வெண்டர்களுடன் பேரம்" என்பதில் எனக்கு என்ன தெரிகிறது என்று சொல்கிறேன். உங்கள் எஸ்.ஏ.பி.யில் உங்கள் பெயரில் 40 வெண்டர் கோட் ஓடுகிறது என்பது மட்டும்தான். அதில் எத்தனை பேரோடு நீங்கள் உட்கார்ந்து ரேட் பேசினீர்கள்? உங்கள் தாளைப் பார்த்தால் ஏழெட்டுப் பேர் என்று தோன்றுகிறது. அந்த ஏழெட்டுப் பேர்தான் முக்கியம். அவர்கள் ஏன் இறங்கினார்கள் என்பது அதைவிட முக்கியம். காரணம் இல்லாமல் யாரும் ரேட்டைக் குறைப்பதில்லை. காரணம் இல்லாமல் குறைத்தால், நான் சொன்ன கேசிங் மாதிரி வேறு வழியில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். உங்கள் ஒயர் சப்ளையர் 6 ரூபாய் குறைத்ததற்குக் காரணம், ஏழு கேஜில் சிதறிக் கிடந்த ஆர்டரை டிசைன் பிரிவோடு பேசி ஐந்து கேஜாகச் சுருக்கி, மாதம் ஒருமுறை மொத்தமாகக் கொடுத்தது என்று ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். தம்பி, உங்கள் தாளிலேயே ஆகச் சிறந்த வரி அதுதான். அது ரெஸ்யூமேவில் இல்லவே இல்லை! டைகளை மாற்றி மாற்றி ஓட்டும் நேரம் சப்ளையருக்கு மிச்சம், அதில் ஒரு பங்கு நமக்கு வந்தது. அடுத்த வருடமும் இந்த 6 ரூபாய் நிற்கும், ஏனென்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

அதேபோல் காஸ்டிங்கில் ஒரே ஃபவுண்டரியை நம்பியிருந்த நிலையை மாற்றி இரண்டாவது ஒன்றை வளர்த்ததும் பெரிய விஷயம். சாம்பிள் கொடுத்து, டைமென்ஷன் ரிப்போர்ட் வாங்கி, பைலட் லாட் ஓட்டி, முழு ஆர்டர் வரை கொண்டுபோக எத்தனை மாதம் ஆனது என்று எழுதுங்கள். சப்ளையர் பெயரையும் கிலோ ரேட்டையும் ரெஸ்யூமேவில் போடலாமா என்று தயக்கம் வரும். சப்ளையர் பெயர் வேண்டாம். ரேட்டையும் சதவீதமாக மாற்றிவிடுங்கள், கூலியில் 10 சதவீதம் என்பதே போதும். நீங்கள் விண்ணப்பிப்பது உங்கள் கம்பெனியின் போட்டியாளருக்காகவும் இருக்கலாம். இன்றைய கம்பெனியின் ரேட்டை வெளியே சொல்கிறவர் நாளை நம் ரேட்டையும் சொல்வார் என்று எதிரே இருப்பவர் நினைப்பார். எஸ்.ஏ.பி.யிலிருந்து எடுத்த ஃபைலைச் சொந்த மெயிலுக்கு அனுப்பவும் வேண்டாம். ஆபீஸில் உட்கார்ந்து கூட்டி, மொத்தத் தொகையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆர்டர் அளவுக்கு நிறைய எழுத வேண்டியதில்லை. மாதம் 120 பி.ஓ. என்பது உழைப்பைக் காட்டும், பொறுப்பைக் காட்டாது. 120-ல் எத்தனை கையுறை, கட்டிங் ஆயில், ஸ்டேஷனரி? அவற்றைத் தனியாக வைத்துவிட்டு, உற்பத்திக்குப் போகும் பொருளை ரூபாயிலும் அளவிலும் சொல்லுங்கள். வருடத்துக்கு நான்கு கோடி, காஸ்டிங் 180 டன், ஒயர் 24 டன். பம்ப் தொழிலில் இருக்கிறவருக்கு இந்த மூன்று எண்ணே உங்கள் தொழிற்சாலையின் அளவைச் சொல்லிவிடும். எந்தத் தொகை வரை நீங்களே இறுதி செய்வீர்கள், எதற்கு மேலே மேனேஜர் கையெழுத்து வேண்டும் என்பதையும் ஒரு சொல்லில் சேருங்கள். செம்பு புக்கிங்கை முதலாளி செய்கிறார் என்றால் அதை உங்கள் வேலையாக எழுதாதீர்கள்.

சாஃப்ட்வேருக்கு வருகிறேன். அரிபாவை எடுத்துவிடுங்கள். யூடியூப்பில் மட்டும் பார்த்திருந்தால் அது தெரிந்ததாகாது. உங்கள் கம்பெனி மூன்று வருடம் டேலியிலும் ஒரு வருடமாக எஸ்.ஏ.பி.யிலும் ஓடுகிறது என்றால் அதை அப்படியே எழுதுங்கள். "எஸ்.ஏ.பி. தெரியும்" என்று எழுதுகிறவரிடம் நான் இரண்டு கேள்விதான் கேட்பேன். ஒரு பொருளுக்கு முந்தைய பி.ஓ.க்களில் என்ன ரேட் கொடுத்தோம் என்று எங்கே பார்ப்பாய்? `ME1P` என்று வர வேண்டும். ஒரு வெண்டரிடம் இன்னும் வராத சரக்கு எவ்வளவு என்று எப்படி எடுப்பாய்? `ME2L` போய், செலக்ஷன் பாராமீட்டரில் `WE101` கொடுத்து எடுப்பேன் என்று வர வேண்டும். `ME21N`-ல் பி.ஓ. போடுவது எல்லோருக்கும் தெரியும், அதை யாரும் கேட்பதில்லை. நீங்கள் தினமும் இந்த ரிப்போர்ட்டுகளை எடுக்கிறீர்கள் என்றால் ரெஸ்யூமேவில் "விலை வரலாறு, நிலுவை ஆர்டர் ரிப்போர்ட் எடுத்து எக்செலில் வெண்டர் வாரியாகத் தொகுத்தல்" என்று எழுதுங்கள். ரிலீஸ் ஸ்ட்ராட்டஜி, மாஸ்டர் டேட்டா எல்லாம் வேறு ஆள் பார்க்கிறார் என்றால் விட்டுவிடுங்கள். டேலியிலிருந்து எஸ்.ஏ.பி.க்கு மாறியபோது வெண்டர் பட்டியலைச் சுத்தம் செய்ததில் உங்கள் கை இருந்ததா? இருந்தால் அது ஒரு நல்ல வரி. ஒரே சப்ளையர் மூன்று பெயரில் இருப்பதைக் கண்டுபிடித்துச் சேர்ப்பது எவ்வளவு எரிச்சலான வேலை என்று செய்தவர்களுக்குத் தெரியும்.

இனி அந்தப் பகுதியை நான் எழுதினால் இப்படி எழுதுவேன். நீங்கள் ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

"பம்ப் உற்பத்திக்கான காஸ்டிங், வைண்டிங் ஒயர், பேக்கிங் பொருட்கள்: வருடக் கொள்முதல் சுமார் 4 கோடி (காஸ்டிங் 180 டன், ஒயர் 24 டன்).

ஒயர் கேஜ்களை 7-லிருந்து 5-ஆகச் சுருக்கி, மாத ஆர்டராக ஒன்றுசேர்த்து, கன்வர்ஷன் சார்ஜில் சுமார் 10 சதவீதம் குறைப்பு. செம்பு விலை மாற்றம் நீங்கலாக 1.44 லட்சம் மிச்சம்.

காஸ்டிங்குக்கு இரண்டாவது ஃபவுண்டரியை உருவாக்கி, வண்டி வாடகையும் பேட்டர்ன் செலவும் கழித்து 7 மாதத்தில் 3.07 லட்சம் மிச்சம். வருடாந்திர அடிப்படையில் 6.3 லட்சம்.

அட்டைப்பெட்டியில் கேட்கப்பட்ட 9 சதவீத ஏற்றத்தை 4 சதவீதத்தில் நிறுத்தியது. செலவுத் தவிர்ப்பு 1.2 லட்சம்.

டேலி 3 வருடம், எஸ்.ஏ.பி. எம்.எம். 1 வருடம்: பி.ஓ., விலை வரலாறு, நிலுவை ஆர்டர் ரிப்போர்ட்."

அந்த 6.3 லட்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மாதம் 15 டன், கிலோவுக்கு 3.50, பன்னிரண்டு மாதம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அந்த இடத்தில் பேட்டர்ன் செலவு வராது, அது முதல் வருடத்தோடு முடிந்துவிட்டது.

ஒயரில் 62, 56 என்று நான் வைத்தது என் ஊகம். ஏப்ரலிலிருந்து வந்த ஒயர் பில்களையும் சப்ளையரின் மாத ரேட் கடிதங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, செம்பையும் கூலியையும் பிரித்து எழுதுங்கள். கூலி 6 ரூபாய் இறங்கவில்லை, 4 ரூபாய்தான் இறங்கியிருக்கிறது என்று தெரிந்தால், அந்த வரியில் 1.44 லட்சத்துக்குப் பதில் 96,000 என்று போடுங்கள். 10 சதவீதத்தையும் மறக்காமல் மாற்றிவிடுங்கள்.